தேருக்குப் போன பிள்ளையும் போகாத பிள்ளையும்

நடுவர் தந்த தலைப்பு: “அப்பப்பாவின் ஊருக்குப் போகும் நம் பேரப்பிள்ளை அங்கே விருந்தாளியா, வீட்டுப் பிள்ளையா?”

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஸ்காபரோவின் இந்தக் குளிரிலும் மண்டபத்துக்கு வந்திருக்கும் உறவுகளே, வணக்கம். வீட்டுப் பிள்ளை என்ற அணிக்காகப் பேச வந்திருக்கிறேன்.

நமக்கு முன்னால் இருக்கும் சான்று ஒரே ஒரு கட்டுரை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி, கோடை விடுமுறையில் பருத்தித்துறைப் பக்கம் அப்பப்பா வீட்டில் நின்றுவிட்டு வந்து எழுதியது. “எனக்கு அங்கே இரண்டு மாதிரியும் இருந்தது” என்று முடித்திருக்கிறாள். எதிரணியினர் முதல் பக்கத்தோடு கட்டுரையை மூடி வைத்துவிட்டார்கள் என்பதுதான் என் முறைப்பாடு.

முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது? எல்லோரும் கிணற்றுத் தண்ணீர் குடிக்க, இவளுக்கு மட்டும் கடையில் வாங்கிய போத்தல் தண்ணீர். காற்றாடி இவள் பக்கம் திரும்பியிருக்கிறது. மற்றப் பிள்ளைகள் பாயில் இருந்து சாப்பிட, இவளுக்கு மேசையும் கதிரையும். புட்டுக்குச் சம்பல் உறைக்குமென்று வாழைப்பழமும் சீனியும். சரி, இது விருந்தாளிக்குச் செய்வதுதான், மறுக்கவில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம்மவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்களே, நாலாம் நாள் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டாமா?

இரண்டாம் பக்கத்தில் அப்பம்மா திருவலையை முன்னால் வைத்துவிட்டுப் போகிறார். பிள்ளை தேங்காய் திருவத் தெரியாமல் சிரட்டையையும் சேர்த்துச் சுரண்டியிருக்கிறாள். பூ முழுக்கக் கறுப்புக் கறுப்பாக இருந்ததாம். அதற்குப் பேச்சு விழவில்லை. பேச்சு விழுந்தது விளக்கு வைத்த பிறகு கூட்டியதற்கு. உதவி செய்வோம் என்று விளக்குமாற்றை எடுத்தவளிடம், “பொழுதுபட்டாப் பிறகு ஆராவது கூட்டுறவையே? கொப்பர் ஒண்டும் சொல்லித் தரேல்லையோ?” என்று அப்பம்மா ஏசியிருக்கிறார். பிள்ளை அழுதுவிட்டாள். நடுவர் அவர்களே, வீட்டுக்கு வந்த விருந்தாளி கூட்டினால் “ஐயோ, நீங்கள் ஏன், விடுங்கோ” என்று விளக்குமாற்றைப் பறிப்போம். தகப்பனையும் சேர்த்துப் பேச மாட்டோம்.

எதிரணியின் முதல் பேச்சாளர் விவரமானவர். கனடியக் கடவுச்சீட்டுக்காரர் இலங்கைக்குப் போக முன்அனுமதி எடுக்க வேண்டும், சிகிரியாவில் வெளிநாட்டவருக்கு வேறு கட்டணம் என்றெல்லாம் சரியாகவே சொன்னார். ஆனால் அதெல்லாம் அரசாங்கத்தின் கணக்கு. நாம் கேட்பது அந்த ஒழுங்கையின் கணக்கை. அந்தப் பிள்ளை சந்திக் கடைக்குப் போகிறாள். வாங்கில் இருந்த ஒரு வயதானவர் “ஆற்றை பிள்ளை?” என்று கேட்கிறார். இவள் “கனடா” என்கிறாள். அவர் எங்கேயிருந்து வந்தாய் என்றா கேட்டார்? அப்பப்பாவின் பெயரைச் சொன்னதும், பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பக்கத்து வாங்கில் தான் இருந்த கதையைத் தொடங்கிவிட்டார். ஐஸ்கிரீம் உருகிப் போனதாம், அதையும் எழுதியிருக்கிறாள்.

இனி நான் அழுத்திச் சொல்ல வந்த இடம், மூன்றாம் பக்கம். எதிரணியில் ஒருவரும் இதைத் தொடவில்லை.

இந்தப் பிள்ளையோடு அம்மாவின் தோழியுடைய மகளும் போயிருந்தாள். அவளும் ஸ்காபரோதான், அதே வயது, அதே போத்தல் தண்ணீர். இரண்டு பேருக்கும் நல்லூர்த் தேர் பார்க்க வேண்டும் என்பது பெரிய ஆசை. இருபத்தைந்து நாள் திருவிழாவில் தேருக்கென்று சட்டைகூடத் தைத்து வைத்திருந்தார்கள். தேருக்கு முன்பே அதே ஒழுங்கையில் ஒரு சாவு. அப்பப்பாவுக்குத் தம்பி முறையானவர், தகப்பன் வழிச் சொந்தம். அப்புறம் என்ன, வீட்டுக்குத் துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும் வரை கோவில் வாசலை மிதிக்க முடியாது. வீட்டுக்கு வீடு வழக்கம் கொஞ்சம் மாறும், ஆனால் இந்த வீட்டில் அப்பப்பா இறுக்கமானவர்.

தேரன்று காலையில் தோழியின் மகள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டாரோடு வாகனத்தில் ஏறிப் போனாள். அவளை ஒருவரும் மறிக்கவில்லை. இவளும், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த சித்தப்பாவின் மகளும் படலைக்குள் நின்று பார்த்தார்கள். இவள் எழுதுகிறாள்: “செத்தவரை எனக்குத் தெரியவே தெரியாது. நான் கனடா. எனக்கு ஏன் துடக்கு என்று கேட்டேன். அப்பப்பா, நீ என்ரை மகன்ரை பிள்ளை எல்லே என்று மட்டும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது.”

நடுவர் அவர்களே, ஒரே வீட்டில், ஒரே விமானத்தில் வந்த இரண்டு பிள்ளைகள். விருந்தாளி யார் என்று அன்று காலை அந்த வீடே பிரித்துக் காட்டிவிட்டது. இன்னொன்றும் உண்டு. செய்தி தொலைபேசியில் இங்கே வந்ததும் அவளுடைய அப்பாவும் ஸ்காபரோவில் கோவிலுக்குப் போகவில்லை. இந்த வழக்கம் சரியா, பிள்ளையை அப்படி நிறுத்தியது நியாயமா என்று கேட்டால் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் அது வேறு பட்டிமன்றம்.

எதிரணியின் இரண்டாமவர் மொழியைப் பிடித்தார். பிள்ளைக்குத் தமிழ் தடக்குகிறது, ஆகவே விருந்தாளி என்றார். பாதி சரி. சித்தப்பாவின் மகளும் இவளும் முதல் கிழமை ஆங்கிலத்தில்தான் கதைத்தார்கள். மீதிப் பாதி, படலைக்குள் நின்ற அந்தக் காலை. அப்பப்பா சொன்னது தமிழில்தான், விளங்கியபடியால்தானே கோபம் வந்தது?

மூன்றாமவர் தலைப்பை விட்டுவிட்டுத் தன் காணி எல்லை வழக்கைச் சொன்னார். வேலியை யார் எவ்வளவு தள்ளிப் போட்டார்கள் என்று நடுவர் மணி அடிக்கும் வரை கேட்டோம். பாவம், அவருக்கு ஆதரவாக ஒன்று சொல்கிறேன், அது எங்கள் அணிக்கும் உதவும். இலங்கையில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் நெருங்கிய உறவினரிடமிருந்து வழிவழியாக வரும் காணிக்கு விலக்கு வைத்திருக்கிறது. அதாவது இந்தப் பிள்ளை நாளைக்கு அந்த ஊரில் ஒரு பரப்புக் காணி வாங்கப் போனால் வெளிநாட்டுக்காரி. அப்பப்பாவின் காணி அவளுக்கு முதுசமாக வந்தால் உரித்துக்காரி. ஒழுங்கையின் கணக்கு சட்டத்துக்குள்ளும் கொஞ்சம் நுழைந்திருக்கிறது.

எதிரணி கேட்கக்கூடிய ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை, அதை நானே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கத்தில் சித்தப்பாவின் மகள், “நீங்கள் அடுத்த வருசமும் வரலாம், நான் அங்கை வர விசா தரமாட்டினம்” என்கிறாள். இவள் அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை, அடுத்த பந்திக்குப் போய்விட்டாள். வீட்டுப் பிள்ளைகள் இருவரில் ஒருத்திக்குத்தான் வந்து போகும் வசதி இருக்கிறது. அதை வைத்து எதிரணி வாதாடினால் நான் எழுந்து மறுக்க மாட்டேன். மற்றபடி, தேர் பார்க்காமல் படலைக்குள் நின்ற பிள்ளையை விருந்தாளி என்று தீர்ப்பளிக்க வேண்டாம் என்று நடுவரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.