மீத்தேன் எரியும்போது −694, −812, −802, −890: எந்த எண் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: சார், மீத்தேன் எரியும் வினைக்குப் பிணைப்பு என்தால்பி அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டேன். −694 கிலோஜூல் வருகிறது. புத்தகத்தில் −890 என்று இருக்கிறது. கூட்டல் கழித்தல் எல்லாம் சரிதான். அட்டவணையில் இருப்பது சராசரி மதிப்பு, அதனால்தான் வித்தியாசம் என்கிறார்கள். சராசரி எடுத்ததால் மட்டும் இவ்வளவு வருமா?

வராது. இந்த 196 கிலோஜூல் வித்தியாசத்தில் சராசரி எடுத்ததால் வந்த பங்கு ஏறக்குறைய 10தான், அதுவும் எதிர்த்திசையில். மீதி வேறு இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். உங்கள் கணக்கைப் பலகையில் எழுதுகிறேன்.

CH₄ + 2O₂ → CO₂ + 2H₂O

உடைக்க வேண்டியவை நான்கு C–H, இரண்டு O=O. அட்டவணைப்படி C–H 413, O=O 498. நான்கு 413 என்றால் 1652, இரண்டு 498 என்றால் 996, ஆக 2648 கிலோஜூல் உள்ளே போகிறது. உருவாகுபவை இரண்டு C=O, நான்கு O–H. நீங்கள் C=O பிணைப்புக்கு 745 எடுத்திருக்கிறீர்கள், O–H பிணைப்புக்கு 463. ஆக 1490, 1852, மொத்தம் 3342 வெளியே வருகிறது. 2648இலிருந்து 3342ஐக் கழித்தால் −694. உடைப்பதிலிருந்து உருவாவதைக் கழிக்க வேண்டும் என்ற வரிசையைப் பலர் தலைகீழாகப் போடுவார்கள். நீங்கள் அதைச் சரியாகவே செய்திருக்கிறீர்கள்.

இப்போது அந்த 745ஐக் கவனியுங்கள். அது ஆல்டிஹைடு, கீட்டோன் போன்ற சேர்மங்களில் உள்ள C=O பிணைப்புக்கான மதிப்பு. கார்பன் டை ஆக்சைடில் இருப்பது அந்தப் பிணைப்பு இல்லை. அங்கே ஒரே கார்பனின் இரு பக்கமும் ஆக்சிஜன் இருக்கிறது, பை எலக்ட்ரான்கள் மூன்று அணுக்கள் மீதும் பரவி நிற்கின்றன. பிணைப்பின் நீளமே இதைக் காட்டிவிடும்: ஃபார்மால்டிஹைடில் C=O நீளம் சுமார் 121 பிக்கோமீட்டர், கார்பன் டை ஆக்சைடில் 116. நீளம் குறைந்தது, வலிமை கூடியது. அதனால்தான் நல்ல அட்டவணைகளில் C=O என்ற வரிக்குக் கீழே, கார்பன் டை ஆக்சைடுக்கென்று தனியாக 804 என்று கொடுத்திருப்பார்கள். சில அட்டவணைகளில் 799 இருக்கும், அதனால் பதறவேண்டாம். 745க்குப் பதில் 804 போட்டுப் பாருங்கள். உருவாகும் பக்கம் 1608 கூட்டல் 1852, அதாவது 3460. விடை −812. ஒரு வரியை மாற்றியதும் 118 கிலோஜூல் நகர்ந்துவிட்டது.

இரண்டாவது இடம் தண்ணீர். பிணைப்பு என்தால்பி என்பது வாயு நிலையில் உள்ள மூலக்கூறை வாயு நிலையில் உள்ள துண்டுகளாக உடைப்பதற்கான மதிப்பு. ஆகவே இந்த முறையில் வரும் விடை, எல்லாப் பொருள்களும் வாயுவாக இருக்கும் வினைக்குத்தான் பொருந்தும். புத்தகத்தில் உள்ள −890 அப்படி இல்லை. எரிதல் என்தால்பியை 25 டிகிரியில் குறிப்பிடும்போது உருவாகும் நீர் திரவமாக இருப்பதாகக் கொள்வது மரபு. நீராவி திரவமாகும்போது ஒரு மோலுக்கு 44 கிலோஜூல் வெப்பத்தைக் கூடுதலாக வெளிவிடும். இங்கே இரண்டு மோல் நீர், ஆக 88. இந்த 88க்கும் C–H, O–H பிணைப்புகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்த்துத் திரவமாகச் சேர்வதால் வரும் வெப்பம் அது. ஆகவே −890ஓடு ஒப்பிடாதீர்கள். நீராவி உருவாகும் வினையின் அளந்த மதிப்பு −802. உங்கள் −812ஐ வைத்துப் பார்க்க வேண்டியது இந்த −802ஐத்தான்.

இப்போது மிச்சம் 10 கிலோஜூல். நீங்கள் கேட்ட சராசரி விஷயம் இதற்குள்தான் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இந்தப் பாடத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

மீத்தேனில் நான்கு C–H பிணைப்புகளும் ஒரே மாதிரி. ஆனால் அவற்றை ஒவ்வொன்றாக உடைத்தால் ஒரே ஆற்றல் தேவைப்படுவதில்லை. முதல் ஹைட்ரஜனைப் பிரிக்க 439 கிலோஜூல் வேண்டும். இரண்டாவதற்கு 462, மூன்றாவதற்கு 424, கடைசிக்கு வெறும் 338. காரணம், முதல் ஹைட்ரஜன் போனதும் மிஞ்சுவது மீத்தேன் இல்லை, மெத்தில் தனி உறுப்பு. அதன் வடிவமும் எலக்ட்ரான் அமைப்பும் வேறு. அடுத்த பிணைப்பை அந்தப் புதிய துண்டிலிருந்துதான் உடைக்கிறோம். நான்கையும் கூட்டினால் 1663, நான்கால் வகுத்தால் 416. கார்பன் டை ஆக்சைடில் இது இன்னும் வியப்பாக இருக்கும். முதல் ஆக்சிஜனைப் பிரிக்க 532 போதும், ஏனென்றால் மிஞ்சுவது மிக நிலையான கார்பன் மோனாக்சைடு. அதை உடைக்க 1076 வேண்டும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துத்தான் 804 வருகிறது. 804 கிலோஜூலில் உடையும் பிணைப்பு அந்த மூலக்கூறில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

இருந்தாலும், இந்த வகைச் சராசரியால் நம் கணக்குக்கு எந்தப் பாதிப்பும் வராது. மீத்தேனின் நான்கு பிணைப்புகளையும் முழுவதுமாக உடைக்கிறோம். ஆகவே நான்கு முறை 416 போட்டாலும், 439, 462, 424, 338 என்று தனித்தனியாகப் போட்டாலும் கூட்டுத்தொகை ஒன்றுதான். வித்தியாசம் இரண்டாவது வகைச் சராசரியால் வருகிறது. அட்டவணையில் இருக்கும் 413 மீத்தேனுக்கு உரியது இல்லை. பல சேர்மங்களில் உள்ள C–H பிணைப்புகளின் மதிப்புகளைச் சேர்த்து எடுத்த பொதுவான எண் அது. மீத்தேனுக்கு உரிய 416ஐவிட இது ஒரு பிணைப்புக்கு 3 கிலோஜூல் குறைவு, நான்கு பிணைப்புக்கு 12. நாம் தேடிய 10 முக்கியமாக இதிலிருந்துதான் வருகிறது. O–H, O=O போன்றவற்றை முழு எண்ணாக்கியதால் வந்த சிறு சிறு மாற்றங்கள் அந்த 12ஐ 10க்குக் குறைத்துவிடுகின்றன.

நம்பிக்கை வராவிட்டால், அந்தந்த மூலக்கூறுக்கு உரிய அணுவாக்கல் என்தால்பியையே போட்டுப் பாருங்கள். மீத்தேனுக்கு 1663.5, இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகளுக்கு 996.8, கார்பன் டை ஆக்சைடுக்கு 1608.6, இரண்டு நீர் மூலக்கூறுகளுக்கு 1854.0. விடை −802.3. அளந்த மதிப்பு அப்படியே வந்துவிடுகிறது. வரத்தான் வேண்டும், ஏனென்றால் இந்த எண்களே அளந்த உருவாதல் என்தால்பிகளிலிருந்து பெறப்பட்டவை. இது ஹெஸ் விதியேதான். ஆகவே உடைத்தல், உருவாக்குதல் என்ற முறையில் குறை இல்லை. ஒரு மூலக்கூறுக்கு வேறு மூலக்கூறுகளின் எண்ணைக் கடன் வாங்கும்போதுதான் பிழை நுழைகிறது.

10 கிலோஜூல் பெரிதா சிறிதா என்றால், அது நீங்கள் தேடும் விடையைப் பொறுத்தது. 3460இல் 10 என்பது நூற்றுக்கு 0.3கூட இல்லை. 802இல் பார்த்தாலும் நூற்றுக்கு ஒன்றேகால்தான். ஆனால் இந்த முறையில் நாம் எப்போதும் இரண்டு பெரிய எண்களைக் கழிக்கிறோம். கழித்து வரும் விடை சிறியதாக இருந்தால் அதே 10 எல்லாவற்றையும் குலைத்துவிடும். பியூட்டேனும் ஐசோபியூட்டேனும் ஒரு நல்ல உதாரணம். இரண்டிலும் மூன்று C–C, பத்து C–H. அட்டவணைப்படி ஒன்று மற்றொன்றாக மாறும் என்தால்பி சுழியம். அளந்து பார்த்தால் ஐசோபியூட்டேன் சுமார் 8 கிலோஜூல் கீழே இருக்கிறது. எத்தனை பிணைப்பு என்று மட்டும் எண்ணும் முறைக்குக் கிளை எங்கே இருக்கிறது என்று தெரியாது.

பென்சீனில் பிழை இன்னும் பெரிது. மூன்று C=C, மூன்று C–C என்று வரைந்து, C=C 612, C–C 348, H–H 436 என்று எடுத்து ஹைட்ரஜனேற்றம் செய்து சைக்ளோஹெக்சேன் ஆக்கினால் −378 வரும். அளந்த மதிப்பு சுமார் −208. அந்த 170 கிலோஜூலில் பெரும்பகுதி உடனிசைவால் பென்சீனுக்குக் கிடைத்த நிலைப்புத்தன்மை. 745ஐக் கார்பன் டை ஆக்சைடுக்குப் போட்டபோது நடந்ததும் இதே வகைப் பிழைதான்: எலக்ட்ரான்கள் பரவி நிற்கும் இடத்தில், பரவாத பிணைப்பின் எண்ணைப் போட்டுவிட்டோம்.

கடைசியாக, சராசரியைத் தொடவே கூடாத ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மீத்தேனைக் குளோரினேற்றம் செய்யும்போது, குளோரின் அணு ஒன்று மீத்தேனிலிருந்து ஒரே ஒரு ஹைட்ரஜனை எடுத்துக்கொள்ளும் படி இருக்கிறதே, அதைக் கணக்கிடுங்கள்.

CH₄ + Cl → CH₃ + HCl

உருவாகும் H–Cl பிணைப்பு 431. அட்டவணையின் 413ஐப் போட்டால் −18 வரும், வெப்ப உமிழ் வினை என்று எழுதிவிடுவீர்கள். ஆனால் இங்கே நான்கு பிணைப்புகளும் உடையவில்லை, முதல் ஒன்றுதான் உடைகிறது. அதற்கு உரிய எண் 439. அதைப் போட்டால் +8, வெப்பம் கொள்ளும் படி. குறியே மாறிவிட்டது. மீத்தேனுக்கே உரிய 416ஐப் போட்டாலும் −15தான் வரும், அதுவும் தவறு. தனி உறுப்பு வரும் எந்தப் படியிலும், பாதியில் நிற்கும் எந்த வினையிலும், அந்தக் குறிப்பிட்ட பிணைப்பின் பிளவு என்தால்பியைத் தேடி எடுங்கள். அது சில புத்தகங்களில் சராசரி அட்டவணைக்குப் பக்கத்திலேயே வேறு தலைப்பில் இருக்கும். இரண்டுக்கும் அலகு ஒன்று, எண்களும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். எனவே எண்ணை எடுக்கும் முன் தலைப்பைப் படியுங்கள்.