‘எ காரோ’ மட்டும் போதுமா? யொரூபா வணக்கங்கள்

கேள்வி: “அண்ணா, அடுத்த மாதம் வேலைக்காக நைஜீரியாவில் இபாதானுக்குப் போகிறேன். காலை வணக்கத்துக்கு ‘எ காரோ’ என்று படித்து வைத்திருக்கிறேன். ஆனால் அங்கே இருக்கிற நண்பர், எதிரில் இருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார்த்துத்தான் வணக்கம் சொல்ல வேண்டும் என்கிறார். அது எப்படி?”

இபாதானில் பேசுகிற மொழி யொரூபா, அதில் நண்பர் சொல்வது சரிதான். ஆனால் பயப்பட வேண்டாம். நூறு வணக்கங்களை மனப்பாடம் செய்கிற வேலை இல்லை இது. ஒரே ஒரு அச்சு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அந்த அச்சு, ‘எ கு’. ‘எ’ என்றால் நீங்கள். ‘கு’ என்பது வணக்கத்துக்கென்றே உள்ள சொல். அதற்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்தால் வணக்கம் தயார். நீங்கள் படித்த ‘எ காரோ’கூட அப்படி வந்ததுதான். ‘ஆரோ’ என்றால் காலை. ‘எ கு ஆரோ’ பேச்சில் ஒட்டிப்போய் ‘எ காரோ’ ஆகிவிட்டது. மதியம் ‘ஓசான்’, அதனால் ‘எ காசான்’. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பொழுது சாயும்வரை ‘எ குரோலெ’. இருட்டிய பிறகு ‘எ காலெ’.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். ‘ஓ டாரோ’ என்று ஒன்று இருக்கிறது. அகராதியில் அதற்கு ‘இரவு வணக்கம்’ என்று பார்த்துவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு ஒருவர் வீட்டுக்குள் நுழையும்போது சொல்லிவிடுவார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ‘ஓ டாரோ’ என்றால் ‘இனி காலையில் பார்ப்போம்’ என்று பொருள். அது கிளம்பும்போது சொல்வது. வாசலில் நின்று அதைச் சொன்னால் வீட்டுக்காரர்கள் குழம்பிப்போவார்கள். நுழையும்போது ‘எ காலெ’, விடைபெறும்போது ‘ஓ டாரோ’.

அப்புறம் அந்த ‘எ’. இதை ஒருபோதும் விடாதீர்கள். நம்முடைய ‘நீங்கள்’ மாதிரியே இது பன்மையும் மரியாதையும் சேர்ந்தது. அதை விட்டுவிட்டு வெறும் ‘காரோ’ என்று சொன்னால் ‘நீ’ என்று கூப்பிட்டதாக ஆகிவிடும். சின்னப் பையனிடம் சொல்லலாம், கூடப் படித்தவனிடம் சொல்லலாம். உங்களைவிட ஒரு வயது மூத்தவரிடம்கூடச் சொல்லக் கூடாது. வெளிநாட்டுக்காரர்தானே என்று மன்னிப்பார்கள், ஆனால் கவனிப்பார்கள். பெரியவர்கள் முன்னால் பையன்கள் நெடுஞ்சாண்கிடையாக விழுவதையும் பெண்பிள்ளைகள் மண்டியிடுவதையும் பார்ப்பீர்கள். உங்களிடம் அதை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். கொஞ்சம் தலையும் உடம்பும் குனிந்தால் போதும்.

இப்போது உங்கள் நண்பர் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ‘எ கு’வுக்குப் பின்னால் நேரத்தைத்தான் வைக்க வேண்டும் என்று இல்லை. அந்த ஆள் அப்போது என்ன நிலையில் இருக்கிறாரோ அதை வைக்கலாம். வேலைக்கு ‘இஷெ’ என்று பெயர். வேலை செய்துகொண்டிருப்பவரிடம் ‘எ கு இஷெ’, வேகமாகச் சொன்னால் ‘எ கூஷெ’. கேட்டில் இருக்கும் காவலாளி, வாசல் பெருக்குகிற அம்மா, வண்டியின் அடியில் படுத்திருக்கும் மெக்கானிக் எல்லோரிடமும் இதைச் சொல்லலாம். அவர்கள் ‘எ ஷே’ என்பார்கள், அதாவது நன்றி. ஒரு மனிதர் வியர்க்க வியர்க்க வேலை செய்துகொண்டிருக்கும்போது வாய் திறக்காமல் தாண்டிப்போவதை அங்கே திமிர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் ஆபீஸில் நீங்கள் அதிகம் சொல்லப்போவது காலை வணக்கம் இல்லை, இதுதான்.

இதில் சுரத்தை மட்டும் கவனியுங்கள். யொரூபாவில் ஒவ்வொரு அசைக்கும் மேல், நடு, கீழ் என்று மூன்று சுரங்களில் ஒன்று உண்டு. ‘இஷெ’யில் முதல் ‘இ’ நடுவில் இருந்தால் வேலை. அதே ‘இ’யைக் கீழே இறக்கினால் வறுமை! பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்லி, காதால் கேட்டு, திரும்பச் சொல்லிப் பழகுங்கள். எழுத்தைப் பார்த்துப் பழகினால் வராது.

உதாரணத்துக்கு ஒரு சனிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். காலையில் கீழ்வீட்டு அம்மா எழுந்து வெளியே வருகிறார். ‘எ காரோ, மா.’ அந்த ‘மா’ பெரிய பெண்களுக்கு, ஆண்களுக்கு ‘சா’. அவர் பதிலுக்கு ‘நல்லபடியாக எழுந்தாயா’ என்று கேட்பார், அது ‘ஓஜீரே’. யொரூபா மக்கள் தங்களையே ‘ஓமோ காரோ ஓஜீரே’ என்று சொல்லிக்கொள்வது உண்டு. ‘காரோ, ஓஜீரே என்று சொல்கிறவர்களின் பிள்ளைகள்’ என்று அர்த்தம். வணக்கத்தாலேயே அடையாளம் வந்தது அங்கே மட்டும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டு சியரா லியோனில் ஃப்ரீடவுனில் இறக்கிவிடப்பட்ட யொரூபா மக்களுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் ‘அகு’. வாய்க்கு வாய் ‘கு, கு’ என்று வணக்கம் சொல்லிக்கொண்டிருந்ததால் வந்த பெயர் அது.

சரி, பத்து மணிக்கு போடிஜா சந்தைக்குப் போகிறீர்கள். தக்காளி விற்கிற அம்மாவிடம் ‘எ கு ஓஜா’. ‘ஓஜா’ என்றால் சந்தை. வழியில் மரத்தடியில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் ‘எ கு இஜோகோ’, உட்கார்ந்திருப்பதற்கான வணக்கம். வெயிலுக்கும் குளிருக்கும்கூட இப்படி உண்டு.

வீட்டுக்குத் திரும்பும்போது கவனம் வேண்டும், ஏனென்றால் இங்கே இரண்டு பேருக்கும் வேறு வேறு சொல். வெளியிலிருந்து வருகிற நீங்கள், வீட்டில் இருந்தவர்களுக்கு ‘எ கு இலெ’ என்று சொல்ல வேண்டும். ‘இலெ’ என்றால் வீடு. அவர்கள் உங்களுக்கு ‘எ காபோ’ என்பார்கள், வரவுக்கான வணக்கம். அதன் ‘போ’வில் வரும் ‘ப’வை ‘பாபு’வில் வரும் ‘ப’ மாதிரி அழுத்தி ஒலிக்க வேண்டும். அவர்கள் ‘எ காபோ’ சொன்னதும் நீங்களும் திருப்பி ‘எ காபோ’ என்றால், வந்தவர் யார் என்றே மாறிப்போகும்.

மாலையில் ஒரு பெயர்சூட்டு விழா இருக்கிறது என்று வையுங்கள். குழந்தை பிறந்த எட்டாம் நாள் அதைச் செய்வார்கள். பெற்ற தாயிடம் ‘எ கு எவு ஓமோ’. ‘எவு’ என்றால் ஆபத்து, ‘ஓமோ’ என்றால் பிள்ளை. பிரசவம் என்ற ஆபத்தைத் தாண்டி வந்தவருக்கான வணக்கம் அது. எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்தது இதுதான். விழா நடத்துகிற வீட்டாரிடம் ‘எ கு இனாவோ’. பணம் செலவழிப்பதற்கு ‘இனாவோ’ என்று பெயர், இத்தனை பேருக்கு விருந்து வைக்கிறீர்களே என்று அந்தச் செலவையே மதித்துச் சொல்வது.

துக்க வீட்டில் மட்டும் இந்த அச்சை நீங்களாக நிரப்பப் பார்க்காதீர்கள். வயதாகி நிறைவாழ்வு வாழ்ந்து போனவருக்குச் சொல்கிற வணக்கத்தை இளம் வயதுச் சாவில் சொன்னால் காயப்படுத்திவிடும். ‘எ பெலெ’ என்று மெதுவாக ஆறுதல் சொல்லிக் கையைப் பிடியுங்கள். யாராவது தெருவில் தடுக்கினாலும் அதைத்தான் சொல்வார்கள், தள்ளிவிட்டது நாம் இல்லை என்றாலும்.

விழாவுக்குப் போனவர்கள் பலர் மறப்பது மறுநாளை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டாரைப் பார்த்தால் ‘எ காரோ’வோடு ‘எ கு அனா’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘அனா’ என்றால் நேற்று. நேற்று சாப்பிட்டுக் கிளம்பும்போதே நன்றி சொல்லியிருப்பீர்கள், அது கணக்கில் வராது. மறுநாளும் வந்து சொன்னால்தான் விருந்தாளி நன்றி சொன்னதாக வைத்துக்கொள்வார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தாலும் சொல்லலாம்.