ட்ரில் மெஷினுக்கு 5 வரி அட்டவணை

வணக்கம் நண்பர்களே. பழைய வாஷிங் மெஷினில் டைமர் குமிழ் இருக்குமே, அதற்குள் மேடு பள்ளம் வெட்டிய ஒரு உருளை மெதுவாகச் சுற்றும். எந்த மேடு எந்த சுவிட்சைத் தொடுகிறதோ அது ஆன். மெஷின்களை ஓட்டும் பிஎல்சியில் டிரம் சீக்வென்சர் என்பது அந்த உருளைதான். மேடுகளுக்குப் பதில் எண்கள்.

நான் எடுத்துக்கொள்வது ஒரு சின்ன ட்ரில்லிங் மெஷின். கிளாம்ப் பிடிக்கணும், ஸ்பிண்டில் சுற்றி ஸ்லைடு முன்னே போகணும், திரும்பி வரணும், கிளாம்ப் விடணும். இதை லேடரில் எழுதினால் கிளாம்ப் மூன்று படிகளில் ஆனாக இருக்க வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் அதே காயிலை மூன்று ரங்கில் போட்டுவிடுவார்கள். கடைசி ரங் சொல்வதுதான் நடக்கும், முதல் படியில் கிளாம்ப் பிடிக்கவே பிடிக்காது.

அட்டவணையில் இந்தச் சிக்கலே வராது. அவுட்புட்டில் கிளாம்ப் 1, ஸ்பிண்டில் 2, ஸ்லைடு 4. இன்புட்டில் ஸ்டார்ட் 1, கிளாம்ப் பிடித்தது 2, ஸ்லைடு முன்னே 4, பின்னே 8, கிளாம்ப் திறந்தது 16.

```
STEP OUT MASK VAL
0    0   31   25
1    1   18   2
2    7   12   4
3    3   12   8
4    0   18   16
```

OUT என்பது அந்தப் படியில் ஆனாக வேண்டிய அவுட்புட் எண்களின் கூட்டல். MASK என்பது அங்கே பார்க்க வேண்டிய இன்புட்டுகளின் கூட்டல், VAL என்பது அவற்றில் ஆனாக இருக்க வேண்டியவற்றின் கூட்டல். S என்பது இப்போது நடக்கும் படி. இதை ஓட்ட இவ்வளவு போதும்:

```
IF (INP AND MASK[S]) = VAL[S] THEN
  S := S + 1;
  IF S > 4 THEN S := 0; END_IF;
END_IF;
OUTP := OUT[S];
```

ஸ்டார்ட் பட்டனை அழுத்தும் கணத்தை மட்டும்தான் பிட்டாக எடுத்திருக்கிறேன். அதனால் கையை எடுக்காமல் பிடித்திருந்தாலும் மறுபடி ஓடாது.

இப்போது 0-வது வரியைப் பாருங்கள். நான் முதலில் எழுதிய அட்டவணையில் அங்கே MASK 25 தான் இருந்தது. ஒருநாள் கிளாம்ப் பிடித்ததைச் சொல்லும் ரீட் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு ஆனிலேயே நின்றுவிட்டது. படி 1-இல் கிளாம்ப் நகரத் தொடங்கியதுமே நிபந்தனை நிறைவேறிவிட்டது. வேலைப்பொருள் பிடிபடும் முன்பே ட்ரில் இறங்கி, பிட் உடைந்தது. கிளாம்ப் திறந்திருக்கும்போதும் அந்த சுவிட்சின் விளக்கு எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. MASK-ஐ 31 ஆக்கினால், ஆஃபாக இருக்க வேண்டியவை ஆஃபாக இருக்கின்றனவா என்றும் சேர்த்துப் பார்க்கிறது. அவற்றில் ஒரு சுவிட்ச் ஆனில் ஒட்டியிருந்தாலும் சுற்று தொடங்கவே தொடங்காது.

அப்புறம், 1 முதல் 4 வரையான படிகளுக்கு அதிகபட்ச நேரம் என்று அட்டவணையில் இன்னொரு நெடுவரிசை சேர்த்துக்கொள்ளுங்கள். நேரம் தாண்டினால் S-இன் எண்ணைத் திரையில் காட்டினால் போதும். 3 என்று வந்தால் ஸ்லைடு திரும்பவில்லை. நேராகப் பின் பக்க சுவிட்சுக்குப் போகலாம்.

அவசர நிறுத்தத்தை மட்டும் இந்த அட்டவணைக்குள் வைக்காதீர்கள். அது வயரிங்கிலேயே அவுட்புட் சப்ளையை வெட்ட வேண்டும்.

ஆலன்-பிராட்லி எஸ்எல்சி 500-இல் `SQO` என்ற சீக்வென்சர் கட்டளையைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கடைசிப் படி முடிந்ததும் அது 0-க்குத் திரும்பாது, 1-க்குத்தான் போகும். ஓய்வு நிலையை 0-இல் எழுதினால் இரண்டாம் சுற்றிலிருந்து அது வரவே வராது, 1-இல் எழுதுங்கள்.