மெர்டேக்கா ஓட்டம் வேண்டும், செப்டம்பர் ஓட்டம் வேண்டாம்

வணக்கம் நேயர்களே. நம்ம சுங்கை சிப்புட் பக்கம் இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்காவது ஓர் ஓட்டப் போட்டி இருக்கிறது. ஈப்போவில் ஒன்று, தைப்பிங்கில் ஒன்று, ஏதாவது தாமானில் ஒன்று. ஜெர்சி, மெடல், நாசி லெமாக் பொட்டலம் எல்லாம் கிடைக்கும். ஆனால் அக்டோபர் முதல் ஞாயிறு கோலாலம்பூரில் முழு மாரத்தான் ஓடப்போகிறவர் இதில் எதற்குப் பணம் கட்டலாம், எதை விட்டுவிட வேண்டும்? அதைத்தான் பேசப்போகிறேன்.

என்னிடம் பயிற்சிக்கு வரும் தம்பி ஒருவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். நான்கு மணி நேரத்தில் மாரத்தானை முடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. காலண்டரை எடுத்து அக்டோபரிலிருந்து பின்னோக்கி எண்ணினோம். ஐந்து வாரத்துக்கு முன்னால், ஆகஸ்டு கடைசியில், மெர்டேக்கா சமயத்தில் ஓர் அரை மாரத்தான். அதற்கும் நான்கு வாரத்துக்கு முன்னால் ஒரு பத்து கிலோமீட்டர். முழு மூச்சாக ஓடுவதற்கு இவ்வளவுதான்.

அரை மாரத்தானை ஏன் அங்கே வைக்கிறோம்? உண்மையாகவே முழு வேகத்தில் ஓடினால் கால் தேற பத்து நாளாவது ஆகும். அந்த நாள்களில் மெதுவோட்டம் மட்டும்தான். அதற்குப் பிறகு, மாரத்தானுக்கு மூன்று வாரம் இருக்கையில், முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஒரு நீண்ட ஓட்டம் ஓடியாக வேண்டும். பிறகு தூரத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். அரை மாரத்தானைச் செப்டம்பர் நடுவுக்குத் தள்ளினால் இந்த நீண்ட ஓட்டத்துக்கு இடமே இருக்காது. ஜூன் மாதத்திலேயே ஓடிவிட்டாலோ, அந்த நேரம் அக்டோபரில் உங்கள் உடல் எப்படி இருக்கும் என்று சொல்லாது.

முன்னோட்டப் போட்டி எதற்கு? மாரத்தானை எந்த வேகத்தில் தொடங்குவது என்று தெரிந்துகொள்வதற்கு. பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கர் எழுதிய கணக்கு ஒன்று உண்டு. அதன்படி அரை மாரத்தான் நேரத்தை இரண்டால் பெருக்கினால் போதாது, 2.085 ஆல் பெருக்க வேண்டும். தம்பி பத்து கிலோமீட்டரை 52 நிமிடத்தில் ஓடினார். அதே கணக்கில் பார்த்தால் அரை மாரத்தானுக்கு ஏறக்குறைய 1 மணி 55 நிமிடம், முழு மாரத்தானுக்குக் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். மெர்டேக்கா ஓட்டத்திலும் அதே 1 மணி 55 நிமிடம்தான் வந்தது. தம்பிக்கு ஒரே குஷி.

நான் கேட்டேன்: "தம்பி, எத்தனை கிலோமீட்டர் ஓடினீங்க?"

"அரை மாரத்தான்தானே சார், 21."

கைக்கடிகாரத்தைப் பார்த்தால் 20.5. செம்பனை மரத்தடியில் கடிகாரம் தப்புக்காட்டும் என்பது உண்மைதான். ஆனால் அவரோடு ஓடிய நாலைந்து பேர் கடிகாரத்திலும் அதே தூரம். அப்படியென்றால் பாதைதான் குறைவு. கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 37 விநாடி என்று வைத்துக் கணக்குப் போட்டால், முழு 21.1 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 மணி 58 நிமிடம். மாரத்தானுக்கு 4 மணி 7 நிமிடம். இது தெரியாமல் நான்கு மணி வேகத்தில் கிளம்பியிருந்தால், முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு நடக்க வேண்டியதாகியிருக்கும். அதனால்தான் முன்னோட்டத்துக்குப் பாதையை முறையாக அளந்து சான்று வாங்கிய போட்டியாகத் தேடுங்கள் என்கிறேன். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஓடும் போட்டி ரொம்ப ஜாலிதான், ஆனால் அந்த நேரத்தை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது.

இந்தக் கணக்கே கொஞ்சம் தாராளமானது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாரக் கிலோமீட்டர் குறைவாக ஓடுகிறவருக்கும் முதல் மாரத்தான் ஓடுகிறவருக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் கூடவே வைத்துக்கொள்ளலாம். முதல் ஐந்து கிலோமீட்டரையும் கடைசி ஐந்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தம்பிக்குக் கடைசி ஐந்து இரண்டு நிமிடம் கூடியிருந்தது. ஆரம்பத்தில் ஆசைப்பட்டு ஓடியிருக்கலாம், ஏழு மணிக்கு மேல் ஏறிய வெயிலும் காரணமாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் 4 மணி 15 நிமிட வேகத்தில், கிலோமீட்டருக்கு ஆறு நிமிடத்துக்குச் சற்று மேலே, தொடங்குவது என்று முடிவு செய்தோம்.

இனி செப்டம்பர் 16. மலேசியா தினத்துக்கும் ஊருக்கு ஊர் ஓட்டம் வைப்பார்கள். தூரத்தைக் குறைக்கத் தொடங்கும் நேரம் என்பதால் கால் துறுதுறுவென்று இருக்கும். நண்பர்களும் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார்கள். பணம் கட்டியாயிற்றா? பிள்ளைகளோடு ஐந்து கிலோமீட்டர் நடந்து மெடலை வாங்கிக்கொள்ளுங்கள். போட்டி போடாதீர்கள்.

ஒருவேளை புகைமூட்டத்தால் மெர்டேக்கா ஓட்டமே ரத்தானால்? அதற்குப் பதிலாகச் செப்டம்பர் கடைசியில் வேறு அரை மாரத்தான் தேட வேண்டாம். காற்று மாசுக் குறியீடு 100க்குக் கீழே இறங்கியதும், அந்த வாரமோ அடுத்த வாரமோ, நீங்கள் நினைத்த மாரத்தான் வேகத்தில் தனியாகப் பதினைந்து கிலோமீட்டர் ஓடுங்கள். கடைசி மூன்று கிலோமீட்டரில் இரண்டு வார்த்தை பேசக்கூட முடியாமல் மூச்சு வாங்கினால், வேகத்தைக் கிலோமீட்டருக்குப் பத்து விநாடி குறைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.