பயம் சொல்லும் ஆரூடத்தைச் சோதிப்பது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

அலுவலகக் கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். சிகிச்சை அறையில் நான் பலரிடம் கேட்டதைச் சேர்த்து உருவாக்கிய ஆள்தான் இவர். ஏன் பேசுவதில்லை என்று கேட்டால், "பேசினால் குரல் நடுங்கும். எனக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லாருக்கும் புரிந்துவிடும். அப்புறம் வேலையே போய்விடும்" என்கிறார்.

குரல் நடுக்கத்தில் கிளம்பிய மனம் இரண்டே தாவலில் வேலையிழப்பில் போய் நிற்கிறது. இதைத்தான் பேரழிவுச் சிந்தனை என்கிறோம். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அது உதவாது, ஏனென்றால் பயந்த மனத்திடம் எல்லாச் சமாதானத்துக்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் வளர்த்தெடுத்த அறிவாற்றல் சிகிச்சை வேறு வழியில் போகிறது. பயம் சொல்வதை ஓர் ஊகமாக எடுத்துக்கொண்டு, அது பலிக்கிறதா என்று நேரில் பார்க்கச் சொல்கிறது.

பார்ப்பதற்கு முன்னால் ஊகத்தைத் தாளில் எழுத வேண்டும். பெரும்பாலும் இங்கேயே சறுக்கும். "எல்லாரும் என்னைத் தப்பாக நினைப்பார்கள்" என்று எழுதினால் அதைச் சோதிக்கவே முடியாது. அடுத்தவர் மனத்துக்குள் யார் போய்ப் பார்ப்பது? அறையில் ஒரு கேமரா இருந்தால் அதில் என்ன பதிவாகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெண் கடைசியில் எழுதியது இது: "நான் பேசும்போது யாராவது சிரிப்பார்கள், அல்லது இடையில் நிறுத்துவார்கள், அல்லது நான் சொன்னதை யாருமே கண்டுகொள்ள மாட்டார்கள்." இதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்டதற்கு 80 சதவீதம் என்றார். அதையும் பக்கத்திலேயே குறித்தாயிற்று. எழுதி வைக்காவிட்டால், எல்லாம் முடிந்த பிறகு "நான் அவ்வளவெல்லாம் பயப்படவில்லையே" என்று மனம் கணக்கை மாற்றிவிடும்.

அடுத்தது கொஞ்சம் நுட்பமானது. முன்பு எப்போதாவது பேச நேர்ந்தபோது அவர் முழுவதையும் தாளில் எழுதி, தலையைத் தூக்காமல், மூச்சுவிடாமல் வேகமாகப் படித்து முடித்திருக்கிறார். இவற்றுக்குப் பாதுகாப்பு நடத்தைகள் என்று பெயர். பதற்றம் ஏன் வருடக்கணக்கில் தீராமல் நீடிக்கிறது என்பதற்கு இவை முக்கியமான காரணம் என்று உளவியலாளர் பால் சால்கோவ்ஸ்கிஸ் 1991இல் எழுதினார். எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் "தாள் இருந்ததால் தப்பித்தேன்" என்றுதான் மனம் சொல்லும். வேகமாகப் பேசினால் மூச்சு வாங்கும், குரல் இன்னும் நடுங்கும். தலை குனிந்திருந்தால் யார் சிரித்தார்கள், யார் கவனித்தார்கள் என்பதே தெரியாது. ஆகவே இந்த முறை தாள் கிடையாது. பேசும்போது இரண்டு மூன்று முகங்களைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

நடந்தது என்ன? முதல் இரண்டு வாக்கியங்களில் குரல் நடுங்கத்தான் செய்தது. யாரும் சிரிக்கவில்லை, நிறுத்தவில்லை. ஒருவர் கேள்வி கேட்டார். இன்னொருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பார்த்தீர்களா?" என்றார் அந்தப் பெண். சரி, மற்றவர்கள் பேசும்போது அந்தச் செல்போன்காரர் என்ன செய்தார்? அப்போதும் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். "ஆனால் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது" என்பதும் இங்கே விடை ஆகாது. பயம் வருமா என்பது நம் கேள்வியே இல்லை. எழுதிவைத்த ஊகத்தின் மேல் அந்தப் பெண்ணுக்கு இருந்த நம்பிக்கை 80இலிருந்து 45க்கு இறங்கியது. ஒரே சோதனையில் பூஜ்யத்துக்கு வந்திருந்தால் நான்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

கவனியுங்கள், குரல் நடுங்கும் என்ற பாதி ஊகம் பலித்துவிட்டது. அதன் பின்னால் வரும் என்று நினைத்ததுதான் வரவில்லை. அதனால் அடுத்த சோதனையை அந்த இடத்தில் வைத்தோம். பேச்சின் நடுவே வேண்டுமென்றே சில நொடிகள் நின்றுவிட்டுத் தொடர வேண்டும். ஊகம்: "அந்த இடைவெளியில் வேறொருவர் பேச்சைப் பிடுங்கிக்கொள்வார்." சரி, அப்படி நிஜமாகவே யாராவது பிடுங்கிக்கொண்டால்? அதையும் எழுதிக்கொண்டு, அதற்கப்புறம் என்ன ஆனது என்று அடுத்த கண்ணியைப் பார்க்க வேண்டியதுதான்.

எல்லாப் பயத்தையும் இப்படிச் சோதிக்க முடியாது. "பத்து வருடம் கழித்து நான் தனியாக நிற்பேன்" என்பதை அடுத்த வாரம் சோதிக்க வழியில்லை. அங்கே அந்தக் கவலையில் மூழ்கிக் கிடக்கும் பழக்கத்தைத்தான் வேறு விதத்தில் கையாள வேண்டும். நெஞ்சு வலி வந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள், சோதனையெல்லாம் அப்புறம். வீட்டில் அடிக்கிற ஒருவருக்குப் பயப்படுபவரிடம் ஊகத்தைச் சோதித்துப் பார் என்று சொல்லவே கூடாது. அந்தப் பயம் சரியான பயம், அவருக்குத் தேவை பாதுகாப்பு. பழைய கொடுமையின் நினைவுகள் திரும்பத் திரும்ப வந்து ஆட்டிவைத்தாலும் தனியாக இதில் இறங்காமல் ஒரு மனநல நிபுணரோடு சேர்ந்து செய்யுங்கள்.

நன்றி, வணக்கம்.