கிண்ணத்து ஐஸில் ஒரு காசு

வணக்கம். நான் கால்நடை மருத்துவர். பணிக்காலத்தில் பெரும்பகுதி ஆட்டிறைச்சிக் கூடங்களில் பரிசோதனை செய்தே கழிந்தது. ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. விருந்துக்குப் போனாலும் முதலில் கறியைத்தான் பார்ப்பேன், என் மனைவிக்கு அது பிடிக்காது.

புயல் அடித்தால் கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி எழும். ஃப்ரீசரில் இருந்த கறி உருகிவிட்டது, என்ன செய்வது? கரண்ட் வந்ததும் மறுபடி உறைய விடலாமா, உடனே சமைத்துவிடலாமா, தூக்கிப் போட்டுவிடலாமா?

தானே புயல் நினைவிருக்கிறதா? 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலை கரையைக் கடந்தது. அப்போது கடலூரில் இருந்தேன். எங்கள் தெருவில் அதிகாலை இரண்டு மணி வாக்கில் கரண்ட் போனது. காற்று ஓய்ந்து, விழுந்த முருங்கையையும் வேப்பமரத்தையும் வெட்டி ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தபோது சாயங்காலம் ஆறு மணி. பக்கத்து வீட்டு அக்கா வந்தார். புத்தாண்டுக்கு வாங்கி வைத்திருந்த இரண்டு கிலோ ஆட்டுக்கறி, அரை அரை கிலோவாக மூன்று பொட்டலம் கோழி, மசாலா தடவிய ஒரு டப்பா கோழி, எல்லாம் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில். 'டாக்டர் தம்பி, ஒரு எட்டு வந்து பாருங்க' என்றார்.

பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. தனியாக நிற்கும் பெரிய ஃப்ரீசர் நிறைய இருந்து, கதவையும் திறக்காமல் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். பாதி நிரம்பியிருந்தால் ஒரு நாள். ஆனால் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு அப்படித் தாங்காது. போதாக்குறைக்கு, அந்த வீட்டுப் பிள்ளைகள் உருகிவிட்டதா என்று அரை மணிக்கு ஒரு தரம் திறந்து பார்த்திருந்தார்கள்!

ஆட்டுக்கறி ஒரே பெரிய கட்டி. வெளிப்புறம் நெகிழ்ந்திருந்தது. கத்தி முனையால் குத்தினால் உள்ளே கரகரவென்று ஐஸ். கோழிப் பொட்டலங்கள் தொளதொளவென்று ஆகிவிட்டன. என் பையில் கறிக்குக் குத்திப் பார்க்கும் வெப்பமானி இருந்தது. கோழியின் நடுவில் 11 டிகிரி காட்டியது. ஆட்டுக்கறியை இப்போதே சமைக்கச் சொன்னேன். கோழி மூன்றையும், மசாலா டப்பாவையும் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னேன்.

அக்காவுக்கு மனசு வரவில்லை. 'மோந்து பாருங்க தம்பி, வாடையே இல்லையே' என்றார். உண்மைதான், வாடை இல்லை. ஆனால் நாற்றம் தருகிற கிருமி வேறு, நோய் தருகிற கிருமி வேறு. நோய்க்கிருமி நாறாமலே பெருகும். அதனால் மூக்கை நம்பாதீர்கள். கெட்ட வாடை வந்தால் கறி கெட்டுவிட்டது என்று தெரியும். வாடை வராவிட்டால் ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான்.

அப்புறம் அடுத்த கேள்வி. 'நல்லா கொதிக்க விட்டா எல்லாம் செத்துப் போயிடாதா?' கிருமி சாகும் அக்கா, அது விட்டுப்போன விஷம் சாகாது. நம் கையிலும் மூக்கிலும் இருக்கிற ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி இருக்கிறதே, அது உண்டாக்கும் நச்சு கொதிநீரிலும் அழியாது. கையால் பிசைந்து மசாலா தடவிய கோழியைப் பற்றி நான் அதனால்தான் அதிகம் பயந்தேன். மஞ்சளும் தயிரும் போட்டால் கெடாது என்பதும் அந்த டப்பாவைக் காப்பாற்றாது.

சரி, ஐஸ் இருந்தால் மட்டும் ஏன் நம்புகிறோம்? ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்குத் தேவையான வெப்பம் இருக்கிறதே, அதே வெப்பத்தில் சில்லென்ற ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். அவ்வளவு சூட்டையும் ஐஸ் உள்வாங்கிக்கொள்கிறது. அதனால் கட்டிக்குள் ஐஸ் இருக்கும் வரை கறி பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். கடைசி ஐஸும் கரைந்த பிறகுதான் சூடு ஏறத் தொடங்கும். 4 டிகிரியைத் தாண்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த கறியைத் தொடாதீர்கள். வீட்டில் வெப்பமானி இல்லையா, ஐஸ்தான் உங்கள் வெப்பமானி. நடுவில் ஐஸ் இருந்தால் சமைக்கலாம், கரண்ட் வந்திருந்தால் மறுபடி உறையவும் விடலாம். மறுபடி உறைந்த கறி ருசியில் கொஞ்சம் தாழும். சாறு வடிந்து சக்கையாகும், குழம்புக்கு ஆகும், வறுவலுக்கு ஆகாது.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கரண்ட் எப்போது போனது, எப்போது வந்தது என்றே தெரியாவிட்டால்? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்போது என் மைத்துனர் குடும்பம் ஊரில் இல்லை. சில நாள் கழித்து வந்து பார்த்தால் ஃப்ரீசரில் எல்லாம் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. 'ஒன்றும் ஆகவில்லை மாமா' என்று சந்தோஷமாகப் போன் செய்தார். கிண்ணத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

கிண்ணம் என்பது இதுதான். ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வையுங்கள். உறைந்த பிறகு அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து அங்கேயே விட்டுவிடுங்கள். காசு மேலேயே இருந்தால் உள்ளே பெரிதாக எதுவும் உருகவில்லை. காசு அடியில் கிடந்தால், எல்லாம் தண்ணீராகி, காசு மூழ்கி, பிறகு மறுபடி உறைந்திருக்கிறது. மைத்துனர் பார்த்தார். காசு அடியில். பொட்டலங்களைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். தட்டில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஐஸ் ஒட்டியிருந்தது, பொட்டலங்கள் வடிவம் மாறித் தட்டையாகியிருந்தன. கல் மாதிரி இருந்த அத்தனையும் குப்பைக்குப் போனது. இறால் மட்டும் அறுநூறு ரூபாய் என்று இன்றும் சொல்லிக் காட்டுவார்.

கடலூர் அக்காவின் ஆட்டுக்கறிக்கு வருவோம். கரண்ட் இல்லை, இரண்டு கிலோவையும் குழம்பாக்கி அண்டாவோடு ராத்திரி முழுக்க வைத்திருந்தால் அதுவும் ஆபத்து. கொதியிலும் சாகாத கிருமி வித்துகள் உண்டு. பெரிய பாத்திரம் மெதுவாக ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். மழை இல்லாத நாளாக இருந்தால் உப்புக்கண்டம் போட்டிருப்பார், அன்று வெயிலுக்கு எங்கே போவது? நாலு வீட்டுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டார், இரண்டு மணி நேரத்துக்குள் சட்டி காலி.

மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல நினைத்தேன், ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாக, சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மாதிரி மீன்கள் உருகிச் சூடேறினால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். முகம் சிவக்கும், தடிப்பு வரும், தலைவலிக்கும். சமைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. இந்த மீன்கள் தொளதொளத்துச் சில்லிப்பும் போய்விட்டால் யோசிக்காமல் போட்டுவிடுங்கள். வணக்கம்.