மூணுக்கு மேல போனா

நடுவர் கேட்டது: "கடை போர்டானாலும் கட்சி முழக்கமானாலும், மனசுல நிக்க மூணு போதுமா, இன்னும் வேணுமா?"

நடுவர் அவர்களே, பெருந்துறை மக்களே, வணக்கமுங்க. நான் போதும் என்கிற அணி.

எதிரணித் தம்பி சர்ச்சிலைக் கூட்டி வந்தார். 1940 மே மாதம் நாடாளுமன்றத்தில் ரத்தம், உழைப்பு, கண்ணீர், வியர்வை என்று நாலு சொன்னாரே என்றார். தம்பி படித்தது சரிதான். ஆனால் ஊர் வாயில் இன்றைக்கு இருப்பது ரத்தம், வியர்வை, கண்ணீர் மட்டும். உழைப்பை வழியிலேயே இறக்கிவிட்டார்கள். உழைப்புக்கு எப்போதும் இதே கதிதான்.

அண்ணாவின் 'கடமை, கண்ணியம், கட்டுப்பாடு' என்பதில் எழுத்தை எண்ணிப் பாருங்க. மூணு, அஞ்சு, ஆறு. எல்லாம் 'க'வில் தொடங்கி, போகப் போக நீள்கிறது. 'கட்டுப்பாடு, கண்ணியம், கடமை' என்று திருப்பிச் சொன்னால் பொசுக்கென்று முடிந்துவிடுகிறது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சென்னிமலையில் எங்க மாமா போர்வைக் கடை வைத்திருக்கிறார். போர்டில் 'கைத்தறி, சுத்தப் பருத்தி, சாயம் போகாது' என்று இருந்தது. எதிரே புதுக்கடை வந்ததும் பயந்துபோய், 'மிகக் குறைந்த விலை' என்று நாலாவதை எழுதிவிட்டார். காங்கேயத்துக்கார அம்மா ஒருத்தர் வந்தார். போர்டைப் பார்த்தார், போர்வையை விரித்து ஓரத்தைத் தடவினார். "ஏனுங்க, விலையும் கம்மிங்கறீங்க. இது விசைத்தறி இல்லீங்களே?"

கவனிச்சீங்களா? நாலாவதாக எழுதியது விலை, சந்தேகம் போய் விழுந்தது முதலில் இருந்த கைத்தறி மேல்.

சுசான் ஷூ, கர்ட் கார்ல்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2014-ல் இதைத்தான் எழுதினார்கள். விற்கத்தான் சொல்கிறான் என்று தெரிந்தால், மூன்று நல்ல குணம் வரை மதிப்பு ஏறும், நாலாவதில் சந்தேகம் வரும். விற்கிற நோக்கமில்லாத ஆள் சொன்னால் நாலாவதுக்கு இந்தச் சந்தேகம் வராதாம்.

முன்வரிசையில் ஒரு பெரியவர், "மஞ்சள் மூட்டைச் சீட்டுல நாலு விவரம் எழுதறனே, அதையும் குறைக்கோணுமா?" என்கிறார். வேண்டாங்க. ஏல வியாபாரி உங்க சீட்டைப் பார்த்து மயங்க வரவில்லை, சரிபார்க்க வருகிறார். அங்கே எல்லாம் வேணும்.

எங்க மாமா அங்கேயும் சறுக்கினார். போர்டில் பட்ட அடியில், மொத்த வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய விவரத்தையும் ரகம், நிறம், விலை என்று மூன்றாக வெட்டிவிட்டார். விட்டது அளவு. அந்த வியாபாரி கேட்டது இரட்டைக் கட்டில் விரிப்பு, போனது ஒற்றைக் கட்டில் விரிப்பு. கட்டு அப்படியே திரும்பி வந்தது, லாரி வாடகை மாமா தலையில். இது மூன்று தோற்கிற இடம் என்று எதிரணி எழுதிக்கொள்ளட்டும், நான் மறுக்கவில்லை.

போர்டில் நாலாவது வரியை மட்டும் வெள்ளை அடித்துவிட்டார். அப்புறம் வியாபாரம் கூடியது. போர்டாலா, அந்த மாசம் வந்த தீபாவளியாலா என்று மாமாவுக்கே தெரியவில்லை. மத்தியான வெயில் பட்டால் அந்த வரி இன்னும் லேசாகத் தெரிகிறதுங்க.